ரெடிமேட் காம்பவுண்ட் சுவர்: தூண் எத்தனை, ஸ்லாப் எத்தனை, கலவை எவ்வளவு?

மனை வாங்கியாச்சு, சர்வேயர் வந்து கல் ஊன்றிவிட்டுப் போயாச்சு, அடுத்து சுற்றிலும் ஒரு சுவர் வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துக் கட்டினால் வாரக்கணக்கில் இழுக்கும் என்று தோன்றும்போது பலரும் போய் நிற்கும் இடம் ரெடிமேட் காம்பவுண்ட். கான்கிரீட் தூணைக் குழியில் நட்டு, அதன் இரண்டு பக்கமும் இருக்கும் காடியில் கான்கிரீட் ஸ்லாப்பை மேலிருந்து இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற சுவர். வேலை சுலபம்தான், கணக்கில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

போன் செய்து விலை கேட்டால் எதிர்முனையில் வரும் முதல் கேள்வி, "சார், மொத்தம் எத்தனை அடி?" என்பதுதான். மொத்த அடியைச் சொன்னால் அதை ஏழால் வகுத்து, ஆறால் பெருக்கி, ஒரு நிமிடத்தில் ஸ்லாப் எண்ணிக்கை சொல்லிவிடுவார்கள். தோராயமாக விலை தெரிந்துகொள்ள அது போதும், ஆர்டர் கொடுக்கப் போதாது. என் மச்சான் மதுரைக்கு வெளியே வாங்கிய மனைக்கு அப்படித்தான் ஆர்டர் கொடுத்தார், லாரியில் வந்து இறங்கிய தூண் அத்தனையும் நேர்த்தூண். அதாவது எதிரெதிர்ப் பக்கம் காடி உள்ளவை. மூலைக்கு வேண்டியது பக்கத்துப் பக்கத்தில், மூலைமட்டம் வைத்தது போல, காடி உள்ள தூண். அது ஒன்றுகூட இல்லை. ஆளை வைத்து நான்கு தூணில் உளியால் காடி வெட்டினார்கள், இரண்டில் உள்ளே இருந்த கம்பி வெளியே தெரிந்தது, ஒன்று நெடுக விரிந்தே போனது. எண்ணிக்கை மட்டுமல்ல, எந்த வகை எத்தனை என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

அதனால் இங்கே ஒரே ஒரு மனையை எடுத்துக்கொண்டு முழுக்கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் அளவுகளை அந்த இடத்தில் வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போங்கள்

எல்லாக் கணக்கும் நான்கு அளவுகளில் இருந்து வருகிறது: தூணின் அகலம், காடியின் ஆழம், காடியின் வாய் அகலம், ஸ்லாப்பின் நீளம். இவை ஊருக்கு ஊர், யார்டுக்கு யார்டு மாறும். சில இடங்களில் ஸ்லாப் 6 அடி, சில இடங்களில் 7 அடி. தடிமன் ஒன்றரை இஞ்சும் உண்டு, 2 இஞ்சும் உண்டு. காகிதத்தில் எழுதித் தரும் அளவை நம்பாமல், அடுக்கி வைத்திருப்பதில் நாலைந்தை நீங்களே அளந்து பாருங்கள். 7 அடி என்று சொன்ன ஸ்லாப் கால் இஞ்ச் கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

நான் எடுத்துக்கொள்வது இது. தூண் 6 இஞ்சுக்கு 6 இஞ்ச், நீளம் 8 அடி. காடி ஒன்றேகால் இஞ்ச் ஆழம், வாய் அகலம் இரண்டேகால் இஞ்ச். ஸ்லாப் 7 அடி நீளம், 1 அடி உயரம், 2 இஞ்ச் தடிமன். இப்படி ஒரு ஸ்லாப் ஏறத்தாழ 80 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கலாம், ஆனால் ஆறடி உயரத்துக்கு ஏற்றிக் காடியில் இறக்க நான்கு பேர் வேண்டும்.

ஸ்லாப்பின் ஒவ்வொரு முனையும் காடிக்குள் 1 இஞ்ச் போக வேண்டும். காடி ஒன்றேகால் இஞ்ச் என்பதால் கால் இஞ்ச் இடம் மிஞ்சும், அது ஸ்லாப் இறங்குவதற்கும் கலவை போவதற்கும். 84 இஞ்ச் ஸ்லாப்பில் இரு முனையிலும் 1 இஞ்ச் உள்ளே போனால் இரண்டு தூணுக்கும் நடுவே தெரியும் இடைவெளி 82 இஞ்ச். அதோடு தூண் அகலம் 6 இஞ்ச் சேர்த்தால் 88 இஞ்ச். அதாவது ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடு வரை 7 அடி 4 இஞ்ச். நான் இதை ஒரு கட்டம் என்று சொல்லப் போகிறேன். வகுக்க வேண்டியது இந்த 7 அடி 4 இஞ்சால்தான், ஸ்லாப்பின் நீளமான 7 அடியால் இல்லை. 4 இஞ்ச்தானே என்று தோன்றும், 60 அடிப் பக்கத்தில் எட்டுக் கட்டம் வரும்போது அது 2 அடி 8 இஞ்சாகி நிற்கும்.

திருப்பியும் ஒரு சூத்திரம் நினைவில் இருக்கட்டும், வெட்டு ஸ்லாப்புக்கு உதவும். நடுவுக்கு நடு அளவிலிருந்து 4 இஞ்ச் கழித்தால் ஸ்லாப்பின் நீளம். இந்தத் தூணுக்கு 4, உங்கள் தூண் வேறு என்றால் அந்த எண்ணும் வேறு.

எல்லைக்கோடும் தூணின் மையக்கோடும் ஒன்றல்ல

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. எல்லைக்கல்லுக்குக் கல் நூல் கட்டி, அந்த நூலிலேயே தூணை நடுகிறார்கள். அப்படி நட்டால் பாதித் தூண் பக்கத்து மனையில் இருக்கும். சரி, தூணின் வெளிமுகத்தை நூலுக்கு ஒட்டி வைப்போம் என்றால், மண்ணுக்கு மேலே நல்லபடியாகத் தெரியும், மண்ணுக்குள்ளே குழி கான்கிரீட் அடுத்தவர் நிலத்தில் அரை அடி போயிருக்கும். பத்து வருடம் கழித்து அவர் தன் சுவருக்குக் கடைக்கால் தோண்டும்போது கடப்பாரை உங்கள் கான்கிரீட்டில் இடிக்கும், அன்றைக்குப் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அதன் வெளி விளிம்பு எல்லைக்கோட்டில் இருக்கட்டும். தூணைக் குழியின் நடுவில் வைக்காமல் வெளிப்பக்கம் 3 இஞ்ச், உட்பக்கம் 9 இஞ்ச் கான்கிரீட் வருவது போல ஒதுக்கி வையுங்கள். அப்போது தூணின் வெளிமுகம் எல்லையிலிருந்து 3 இஞ்ச் உள்ளே, தூணின் மையம் 6 இஞ்ச் உள்ளே. மூலைத்தூணுக்கும் இரண்டு பக்கமும் இதேதான். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் எல்லை நீளத்திலிருந்தும் 1 அடி கழித்தால் (இந்த மூலையில் அரை அடி, அந்த மூலையில் அரை அடி) மூலைத்தூணின் நடுவுக்கு நடு நீளம் கிடைக்கும். மூலைகள் கிட்டத்தட்ட செங்கோணமாக இருந்தால் இது சரியாக வரும்.

ஒவ்வொரு பக்கமாகக் கணக்கு

மனை ஐந்தரை சென்டுக்குக் கொஞ்சம் கூட. பத்திரத்தில் 40க்கு 60 என்று இருக்கும், டேப் போட்டால் அப்படி வராது. இந்த மனையில் முன்பக்கம் 40 அடி, பின்பக்கம் 41 அடி, இரண்டு பக்கவாட்டும் 60 அடி. 1 அடி கழித்தபின் 39, 40, 59, 59.

பக்கவாட்டை எடுப்போம். 59 அடியை 7 அடி 4 இஞ்சால் வகுத்தால் 8 கட்டம், அதாவது 58 அடி 8 இஞ்ச், மிச்சம் 4 இஞ்ச். இந்த 4 இஞ்சுக்கு ஒன்பதாவது கட்டம் போட முடியாது. அதற்குப் பதில் எட்டுக் கட்டத்துக்கும் அரை அரை இஞ்சாகப் பங்கு போட்டுவிடலாம். ஒரு கட்டம் 7 அடி நாலரை இஞ்ச் ஆகும், ஸ்லாப் ஒவ்வொரு முனையிலும் 1 இஞ்சுக்குப் பதில் முக்கால் இஞ்ச் காடிக்குள் இருக்கும். முக்கால் இஞ்சுக்குக் கீழே நான் போவதில்லை. ஆக ஒரு கட்டத்தை அதிகபட்சம் அரை இஞ்ச் நீட்டலாம், எட்டுக் கட்டத்துக்கு 4 இஞ்ச்தான் எல்லை, இந்த மனையில் சரியாக அதில் வந்து நின்றது. மிச்சம் 5 இஞ்ச் இருந்திருந்தால்? மூலைத்தூணை ஓர் இஞ்ச் உள்ளே தள்ளிவிடுவேன். நம் நிலத்துக்குள் ஓர் இஞ்ச் விட்டுக்கொடுப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு பக்கவாட்டுக்கும் சேர்த்து 16 முழுக்கட்டம்.

பின்பக்கம் 40 அடி. ஐந்து கட்டத்துக்கு 36 அடி 8 இஞ்ச், மிச்சம் 3 அடி 4 இஞ்ச். இதைப் பங்கு போட முடியாது, ஆறாவதாக ஒரு வெட்டுக் கட்டம் வேண்டும். 40 இஞ்சில் 4 கழித்தால் ஸ்லாப் நீளம் 36 இஞ்ச், 3 அடி. ஆறு வரிசைக்கு ஆறு துண்டு. ஒரு 7 அடி ஸ்லாப்பில் இரண்டு துண்டு எடுக்கலாம், 1 அடி வீண். ஆக 3 ஸ்லாப்.

முன்பக்கத்தில் கேட் வருகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டை ரெடிமேட் தூணில் தொங்கவிடாதீர்கள். 6 இஞ்ச் தூண் ஸ்லாப்பைப் பிடித்து நிற்கச் செய்தது, இரும்பு கேட் தினமும் திறந்து மூடும் இழுப்பைத் தாங்க இல்லை. கேட்டுக்குத் தனியாகக் கடைக்கால் போட்டு 1 அடி கம்பி கான்கிரீட் பில்லர் இரண்டு எழுப்பி, அதை ஒட்டி ரெடிமேட் தூணை நிறுத்துங்கள். பில்லர் குழியும் தூண் குழியும் ஒன்றில் ஒன்று விழும், அதனால் அந்த இரண்டு தூணையும் பில்லர் வேலையோடு சேர்த்தே நட வேண்டும்.

இடது மூலைத்தூணின் நடுவிலிருந்து மூன்று முழுக்கட்டம், 22 அடி. அங்கே ஒரு பக்கம் மட்டும் காடி உள்ள முனைத்தூண், அதன் மறுபாதி 3 இஞ்ச். பில்லர் 1 அடி, கேட் 12 அடி, மறு பில்லர் 1 அடி. இதுவரை 36 அடி 3 இஞ்ச். அடுத்த முனைத்தூணின் நடு இன்னும் 3 இஞ்ச் தள்ளி, 36 அடி 6 இஞ்சில். வலது மூலைத்தூண் 39வது அடியில். நடுவே இருப்பது இரண்டரை அடிக் கட்டம். 30 இஞ்சில் 4 போனால் 26 இஞ்ச் ஸ்லாப், ஆறு துண்டு. ஒரு ஸ்லாப்பில் மூன்று துண்டு கிடைக்கும், ஆக 2 ஸ்லாப்.

கேட்டை ஓர் ஓரமாகத் தள்ளியது கணக்கு வசதிக்காகவும்தான். கேட் நடுவில்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் இரண்டு பக்கமும் வெட்டுக் கட்டம் வரும், வெட்டுக்கூலியும் வீணும் கூடும். அது உங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை. ஆனால் எந்தப் பக்கத்திலும் நடுவுக்கு நடு ஒன்றரை அடிக்குக் குறைவாக ஒரு கட்டம் வரக்கூடாது, இரண்டு குழிகளும் ஒன்றாகிவிடும். அப்படி வந்தால் பக்கத்து முழுக்கட்டத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

கூட்டிப் பார்ப்போம்

முழுக்கட்டம்: பக்கவாட்டு இரண்டிலும் 16, பின்னால் 5, முன்னால் 3, மொத்தம் 24. வெட்டுக் கட்டம் 2. எல்லாம் சேர்த்து 26.

உயரத்துக்கு ஆறு வரிசை. 24 கட்டத்துக்கு 144 ஸ்லாப், வெட்டுவதற்கு 5, ஆக 149. இறக்கும்போதும் வெட்டும்போதும் உடைவதற்கு நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் இன்னொரு 5 சேர்த்து 154 வாங்கலாம். யார்டு பக்கத்தில் இருந்து, வேண்டும்போது இரண்டு கொண்டுவந்து தருவார்கள் என்றால் இந்த உபரி தேவையில்லை. தூரம் என்றால் இரண்டு ஸ்லாப்புக்காக ஒரு வண்டி வாடகை கொடுப்பது அழுகையாக வரும்.

தூணுக்கு ஒரு சின்ன விதி. சுவர் இடைவெளியே இல்லாமல் முழுவதும் சுற்றி வந்து சேர்ந்தால் கட்டம் எத்தனையோ தூணும் அத்தனை. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒன்று கூட்டுங்கள். இங்கே 26 கட்டம், ஒரு கேட், 27 தூண். சரிபார்க்க வேறு வழியிலும் எண்ணிப் பாருங்கள்: மூலை 4, கேட்டை ஒட்டிய முனைத்தூண் 2, நடுவில் பக்கவாட்டுகளில் ஏழேழு, பின்னால் 5, முன்னால் 2, ஆக நேர்த்தூண் 21. மூன்றையும் கூட்டினால் 27. ஆர்டர் எழுதும்போது '27 தூண்' என்று எழுதாமல் 'நேர்த்தூண் 21, மூலைத்தூண் 4, ஒரு பக்கக் காடி முனைத்தூண் 2' என்றே எழுதிக் கொடுங்கள். முனைத்தூண் இல்லை என்றால் நேர்த்தூணையே வைத்து பில்லர் பக்கக் காடியைக் கலவையால் அடைத்துக்கொள்ளலாம், மூலைத்தூணுக்கு அந்த மாதிரி மாற்று வழி கிடையாது.

போனில் சொன்ன கணக்கு என்ன ஆகியிருக்கும்? சுற்றளவு 201 அடி, கேட் 12 கழித்தால் 189, ஏழால் வகுத்தால் 27, ஆறால் பெருக்கினால் 162 ஸ்லாப், 28 தூண். நமக்கு வேண்டியதைவிட 13 ஸ்லாப் அதிகம். இந்த மனையில் அது மிச்சமாகப் போனது. துண்டு துண்டாக ஏழெட்டுப் பக்கம் உள்ள கோணல் மனையில் வெட்டுக் கட்டங்கள் கூடிக்கொண்டே போகும், அங்கே அதே கணக்கு பற்றாமல் போகும்.

கோணல் என்றதும் மூலையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் 40, பின்பக்கம் 41 என்றால் ஒரு மூலை செங்கோணத்திலிருந்து ஏறத்தாழ ஒரு டிகிரி விலகும். காடியின் வாய் ஸ்லாப்பைவிடக் கால் இஞ்ச் பெரிது என்பதால் அந்த விலகலை அது விழுங்கிக்கொள்ளும். மூலை கண்ணுக்கே கோணலாகத் தெரிகிறது என்றால் மூலைத்தூண் உதவாது, இரண்டு முனைத்தூணைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு நடுவை அடைத்துவிடுங்கள். அப்போது ஒரு மூலைத்தூண் குறைந்து இரண்டு முனைத்தூண் கூடும், குழியும் பெரிதாகும்.

குழிக்குக் கான்கிரீட்

குழியின் ஆழம் இரண்டேகால் அடி. அடியில் 3 இஞ்ச் கான்கிரீட் போட்டு, அதன் மேல் தூண். ஆக 8 அடித் தூணில் 2 அடி மண்ணுக்குள், 6 அடி வெளியே. கான்கிரீட்டைத் தரை மட்டம் வரை போடாமல் 3 இஞ்ச் கீழேயே நிறுத்துங்கள், முதல் வரிசை ஸ்லாப்பின் இரண்டு முனையும் அதன் மேல்தான் உட்காரப் போகிறது. அடி ஸ்லாப் 3 இஞ்ச் மண்ணுக்குள் இருந்தால் நாயும் பெருச்சாளியும் அடியில் நுழையாது.

ஒரு குழிக்குத் தூணின் கனம் போக 4 கன அடி கான்கிரீட். 27 குழிக்கு 108 கன அடி. ஈரக் கான்கிரீட் இவ்வளவு என்றால் காய்ந்த பொருள் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட, 166 கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். 1:2:4 கலவையில் சிமென்ட் 19 மூட்டை, எம்-சாண்ட் 48 கன அடி, முக்கால் ஜல்லி 95 கன அடி. லாரிக் கணக்கில் அரை யூனிட் மணல், ஒரு யூனிட் ஜல்லி. இந்த ஆழம் கெட்டியான செம்மண்ணுக்கும் சரளைக்கும். கரிசல் மண்ணில் வெயிலுக்கு வெடித்து மழைக்கு உப்பும்போது 2 அடித் தூண் ஆடிவிடும், அங்கே 9 அடித் தூண் கேட்டு வாங்கி 3 அடி இறக்குங்கள், கான்கிரீட்டும் அந்த விகிதத்தில் கூடும்.

நடும்போது ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு தூணுக்கும் நடுவே வர வேண்டிய இடைவெளிக்கு ஒரு சவுக்குக் கட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டுக்கு 6 அடி பத்தரை இஞ்ச், மற்ற பக்கத்துக்கு 6 அடி 10 இஞ்ச். ஒவ்வொரு தூணையும் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தியதும் அந்தக் கட்டையை அடியிலும் உச்சியிலும் வைத்துப் பாருங்கள். அடியில் சரியாக இருந்து உச்சியில் அரை இஞ்ச் விரிந்திருந்தால் மேல் வரிசை ஸ்லாப் காடியில் நுனியைத்தான் பிடித்திருக்கும், அரை இஞ்ச் சுருங்கியிருந்தால் ஸ்லாப் இறங்கவே இறங்காது. கான்கிரீட் இறுகியபின் தெரிந்தால் தூணை இடித்துத்தான் எடுக்க வேண்டும். நட்டபின் மூன்று நாளாவது தண்ணீர் காட்டிவிட்டு ஸ்லாப்பை ஏற்றுங்கள்.

இணைப்புக் கலவை

இரண்டு இடத்தில் கலவை போகிறது. ஒன்று காடிக்குள் ஸ்லாப் முனையைச் சுற்றி, இன்னொன்று ஸ்லாப்புக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே படுக்கையாக.

காடியைப் பார்ப்போம். காடியின் குறுக்களவு இரண்டேகாலுக்கு ஒன்றேகால், ஏறத்தாழ 2.8 சதுர இஞ்ச். அதற்குள் ஸ்லாப் 1 இஞ்ச் போனால் 2 சதுர இஞ்ச் அடைத்துக்கொள்ளும், மீதி 0.8. நீட்டிய கட்டத்தில் முக்கால் இஞ்ச்தான் போகிறது, மீதி 1.3. இதைச் சுவரின் உயரமான 73 இஞ்சால் பெருக்கி, கன அடியாக்க 1728ஆல் வகுத்தால் ஒரு காடிக்கு 0.035 கன அடி, நீட்டிய கட்டத்தில் 0.055. ஒரு கட்டத்துக்கு இரண்டு காடி. பக்கவாட்டின் 16 கட்டத்தில் 32 காடிக்கு 1.8 கன அடி, மீதி 10 கட்டத்தின் 20 காடிக்கு 0.7. மொத்தம் இரண்டரை கன அடி. கட்டத்தை நீட்டினால் கலவையும் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

படுக்கை இணைப்பு கால் இஞ்ச் கனம், 2 இஞ்ச் அகலம், 84 இஞ்ச் நீளம், ஒன்றுக்கு 0.024 கன அடி. ஆறு வரிசைக்கு நடுவே ஐந்து இணைப்பு. 24 கட்டத்துக்கு 120 இணைப்பு, 2.9 கன அடி, சின்னக் கட்டங்களையும் சேர்த்தால் 3. இரண்டும் சேர்ந்து ஐந்தரை கன அடி. இவ்வளவு ஒடுக்கமான இடத்தில் கரண்டியால் தள்ளும்போது கீழே சிந்துவது அதிகம், அதனால் கால் பங்கு கூட்டி 7 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 9.3. 1:3 கலவையில் சிமென்ட் 2.3 கன அடி, ஒரு மூட்டை ஒன்றேகால் கன அடி என்பதால் 2 மூட்டை. மணல் 7 கன அடி, பூச்சுக்கு வாங்கும் பி-சாண்ட், சலித்தது. சலிக்காத எம்-சாண்டில் ஒரு சின்னக் கல் கால் இஞ்ச் இணைப்பில் மாட்டினால் ஸ்லாப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

படுக்கை இணைப்பில் ஐந்து கால் இஞ்ச் சேர்ந்து ஒன்றேகால் இஞ்ச் உயரம் தரும். ஆறு ஸ்லாப்பும் சேர்த்துச் சுவர் 73 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல், அதில் 3 இஞ்ச் மண்ணுக்குள், மீதி 70 இஞ்ச் வெளியே. தூண் 72 இஞ்ச். தூணின் தலை சுவருக்கு மேல் ஒன்றேமுக்கால் இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும், அழகாகத்தான் இருக்கும். கொத்தனார் இணைப்பை அரை இஞ்சாகத் தடித்தால் அந்த நீட்டல் பெரும்பாலும் போய்விடும், படுக்கை இணைப்புக்கான கலவையும் இரட்டிப்பாகும்.

கலவை வைக்கும் முன் நான் கட்டாயம் பார்ப்பது ஒன்று உண்டு. நீட்டிய கட்டத்தில் இரண்டு காடியின் அடிக்கு அடி 85 இஞ்ச், ஸ்லாப் 84. ஸ்லாப் ஒரு பக்கக் காடியின் அடியில் போய் இடித்துக்கொண்டு நின்றால் மறுபக்கம் காடிக்குள் இருப்பது வெறும் கால் இஞ்ச். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கலவை பூசிவிட்டால் சுத்தமாகத் தெரியாது. ஒரு நாள் யாராவது சாய்ந்து தள்ளும்போது ஸ்லாப் காடியிலிருந்து கழன்று வரும். அதனால் ஸ்லாப்பை இறக்கியதும் இரண்டு காடியிலும் அரை இஞ்ச் மரச்சில் செருகி நடுவில் நிறுத்துங்கள், கலவை இறுகியபின் சில்லை உருவிவிட்டு அந்த ஓட்டையை அடையுங்கள். ஸ்லாப்பைத் தாங்குவது காடி, கலவை அது ஆடாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பிடி குறைந்த ஸ்லாப்பைக் கலவை காப்பாற்றாது.

காடியைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்குக் கெட்டியான கலவையை ஒரு தட்டைக் கம்பியால் குத்திக் குத்தி உள்ளே ஏற்ற வேண்டும். சோம்பல்பட்டு நீர்க்க வைத்து ஊற்றினால் அடியில் வழிந்துவிடும், நின்ற கொஞ்சமும் காய்ந்ததும் சுருங்கித் தூணுக்கும் கலவைக்கும் நடுவே மயிரிழை விரிசல் நெடுக ஓடும். ஐந்து நாள் காலை மாலை தண்ணீர் காட்டுங்கள். சுவர்தானே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், மூன்றாவது மாதமே இணைப்பு விரலால் சுரண்டினால் உதிர்கிறது.

சுவர் நின்றபிறகு

உள்பக்கம் மண் கொட்டி மேடாக்க வேண்டும் என்றால் இந்தச் சுவரில் சாய்த்துக் கொட்டாதீர்கள். 2 இஞ்ச் ஸ்லாப் ஒரு மறைப்பு, மண்ணை அணைக்கும் சுவர் இல்லை. இரண்டு அடி கிராவல் கொட்டி முதல் மழையில் ஊறியதும் அடி ஸ்லாப்கள் வெளியே வயிறு தள்ளும், நடுவே நின்ற வாக்கில் விரிசல் விழும், தூண் தெருப்பக்கம் சாயும். மேடு வேண்டும் என்றால் அந்த உயரத்துக்குக் கருங்கல் கட்டுமானம் எழுப்பி அதன் மேல் ஸ்லாப்பை ஆரம்பியுங்கள், வரிசை எண்ணிக்கையும் அதற்கேற்ப குறையும். மழைத்தண்ணீர் தேங்கும் பக்கத்தில் அடி இணைப்பில் இரண்டு மூன்று இடத்தில் கலவை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

மச்சான் வீட்டில் மூன்று ஸ்லாப் மிஞ்சியது. ஒன்று துவைக்கிற கல்லானது, இரண்டை வாசல் சாக்கடைக்கு மேல் போட்டார். நடக்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாள் தண்ணீர் லாரியின் பின் சக்கரம் ஏறியது, இரண்டும் போச்சு. நிற்க வைக்கச் செய்த ஸ்லாப்பைப் படுக்க வைத்தால் அவ்வளவுதான் தாங்கும். யார்டிலிருந்து வரும்போதும் அடுக்கும்போதும்கூட அதைப் படுக்கையாகப் போட விடாதீர்கள், குத்துக்கட்டாகவே நிறுத்தச் சொல்லுங்கள்.